பாதம் நனையும் முன்: உப்பு, உலர்ந்த பூ, வெந்நீர் அளவு

நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இரவில் ஒரு டப் வெந்நீரில் கால் வைத்து உட்காருவது பெரிய சுகம். ஜவுளிக்கடை விற்பனையாளர், ஆசிரியை, செவிலியர், சமையல்காரர் என்று பலருக்கும் இது பழகிப்போன கைவைத்தியம். முன்பு ஒரு பிடி கல் உப்பு மட்டும் போட்டார்கள். இப்போது எப்சம் உப்பு, காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் சேர்ந்து அழகான பொட்டலங்களில் விற்பனைக்கு வருகின்றன. பொட்டலத்தின் மேல் பூக்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கும். தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆனால் இந்தக் குளியலில் சுகம் தருவதும் தண்ணீர்தான், ஆபத்து வருவதும் பெரும்பாலும் தண்ணீரால்தான்.

சுகம் எங்கிருந்து வருகிறது?

வெதுவெதுப்பான நீரில் பாதம் இருக்கும்போது தோலுக்கு அடியில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த ஓட்டம் கூடுகிறது, தசை இறுக்கம் தளர்கிறது. தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பாதத்தின் குழாய்கள் விரிந்தால் உடலின் உள்வெப்பம் பாதம் வழியாக வெளியேறும். உள்வெப்பம் சற்றுத் தணியும்போது தூக்கம் எளிதில் வரும். பாதம் கதகதப்பாக இருப்பவர்கள் விரைவில் தூங்கிவிடுகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதனால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கால் நனைப்பது நல்ல நேரம்.

உப்பின் பங்கு இதைவிடச் சிறியது. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு நீரூற்றிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கக் கொடுத்ததால் நம் ஊரில் பேதி உப்பு என்றும் சொல்வார்கள். தண்ணீரில் கரைந்த மக்னீசியம் தோல் வழியே உள்ளே போய்த் தசைவலியைப் போக்கும் என்ற விளம்பரத்துக்கு உறுதியான சான்று இல்லை. தோலின் மேலடுக்கு இத்தகைய உப்புகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. இருந்தாலும், உப்புநீர் தடித்த தோலை மிருதுவாக்க ஓரளவு உதவும், வியர்வை வாடையைக் குறைக்கும். இந்த வேலைக்குக் கல் உப்பே போதும். இந்துப்பு போட்டால் கூடுதல் பலன் என்று நினைத்து அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

உடலின் நஞ்சைப் பாதம் வழியே இழுத்துவிடும் என்பதும் உண்மையில்லை. அந்த வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகமும். சில நிலையங்களில் மின்கம்பி பொருத்திய தொட்டியில் கால் வைக்கச் சொல்லி, சிறிது நேரத்தில் தண்ணீர் பழுப்பாவதைக் காட்டி, “பாருங்கள், உங்கள் உடம்பிலிருந்து வந்த கழிவு” என்பார்கள். அது உப்புநீரில் மின்சாரம் பாய்ந்ததால் உலோகத் தகடு அரித்து வந்த துரு. கால் வைக்காமல் கருவியை ஓடவிட்டாலும் அதே நிறம் வரும்.

எத்தனை டிகிரி?

ஆரோக்கியமான பெரியவருக்குக் கால் நனைக்கும் நீர் 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். 37 என்பது நம் உடலின் சூடு. 40இல் பாதம் இதமாகச் சூடுபடும். அதற்கு மேல் போவதால் சுகம் கூடுவதில்லை, தோல் வறண்டு சிவப்பதுதான் மிச்சம்.

எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் தோல் வேகும் என்பதை அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இல் அளந்து வெளியிட்டார்கள். கொதிநீர்க் காயம் பற்றிய எச்சரிக்கைகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை. 60 டிகிரி நீரில் சுமார் 5 விநாடியில் தோல் வெந்துவிடும். 55 டிகிரியில் அரை நிமிடம் ஆகும். 49 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் ஆகும். கால் நனைப்பதோ 15 நிமிட வேலை. ஆகவே, கையை விட்டுப் பார்க்கும்போது “சூடுதான், ஆனால் தாங்குகிறது” என்று தோன்றும் நீர்கூட 15 நிமிடத்தில் கொப்புளம் போட வைக்கலாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது. அவர்களுக்கு இந்த நேரங்கள் இன்னும் குறையும்.

கைச்சூட்டை நம்பக் கூடாததற்கு இரண்டு காரணங்கள். தினமும் அடுப்படியில் நிற்பவரின் விரல்கள் சூட்டுக்குப் பழகியிருக்கும், அவருக்கு இதமாகத் தெரிவது மற்றவருக்குச் சுடும். இன்னொன்று, நீரில் இருக்கும் தோல் சில நிமிடங்களில் அந்தச் சூட்டுக்குப் பழகிவிடுகிறது. நீர் உண்மையில் ஆறுவதற்கு முன்பே ஆறிவிட்டது போலத் தோன்றும், உடனே இன்னும் கொஞ்சம் வெந்நீர் கேட்போம். இந்த இரண்டாவது முறை ஊற்றும் வெந்நீரில்தான் கால் வெந்துபோவது அதிகம், ஏனென்றால் கால் டப்புக்குள் இருக்கும்போதே கெட்டிலில் இருந்து நேராக ஊற்றுகிறார்கள்.

சமையலுக்கு விற்கும் கம்பி போன்ற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் குழப்பமே இல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் குறுகிய எல்லைக்குள் மட்டுமே அளக்கும், அது இதற்கு வேண்டாம். எதுவும் இல்லையென்றால் விரலை விட்டுவிட்டு முழங்கையை நனைத்துப் பாருங்கள். அங்கே சூடாகவும் இல்லாமல் குளிர்ச்சியாகவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு டப் தயாரிக்கும் கணக்கு

கணுக்கால் மூழ்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஏழரை லிட்டர் நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பூக்களைக் கவனிப்போம். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். அதில் ஒரு கைப்பிடி காய்ந்த பன்னீர் ரோஜா இதழும் அரைக் கைப்பிடி ஆவாரம்பூவும் ஒரு சிறு கொத்து வெட்டிவேரும் போட்டு, மூடி 15 நிமிடம் வையுங்கள். பூவைப் போட்டபின் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், அதனால்தான் மூடி. பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பூக்களை அப்படியே டப்பில் மிதக்க விட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சிறு துணுக்குகள் விரலிடுக்கில் ஒட்டும், வெடிப்புக்குள் புகும், குளியலறைக் குழாயையும் அடைக்கும். வடிகட்டிய சாற்றின் சூடு இப்போது சுமார் 85 டிகிரி இருக்கும்.

டப்பில் முதலில் 6 லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். எப்போதும் குளிர்ந்த நீர்தான் முதலில். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் வீட்டில் ஓடித் திரியும் குழந்தை டப்பில் கை வைக்கும். குழாய் நீர் 28 டிகிரி என்றால், அதில் ஒன்றரை லிட்டர் பூச்சாற்றைச் சேர்த்ததும் ஏறத்தாழ 39 டிகிரி வரும். டப் கொஞ்சம் சூட்டை உறிஞ்சும், அதனால் 38க்கும் 39க்கும் நடுவே நிற்கும். இதுதான் நமக்கு வேண்டியது.

இந்த அளவு எல்லா ஊருக்கும் பொருந்தாது. மார்கழியில் கொடைக்கானலில் குழாய் நீர் 15 டிகிரிதான் இருக்கிறது என்றால் அதே 6 லிட்டருக்கு 3 லிட்டர் சூடான சாறு தேவைப்படும். சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரோ வெந்நீரே தேவைப்படாத அளவுக்குச் சூடாக இருக்கலாம். அதன் தலையில் ஒன்றரை லிட்டரை ஊற்றினால் எல்லையைத் தாண்டிவிடும். சூரிய வெப்பத்தில் நீர் காய்ச்சும் கருவி உள்ள வீடுகளில் வெயில் காய்ந்த நாளில் குழாயிலேயே 60 டிகிரிக்கு மேல் வருவதுண்டு. அங்கே அளக்காமல் டப்பை நிரப்பவே கூடாது.

கடைசியில் உப்பு. எப்சம் உப்போ கல் உப்போ 100 கிராம், அதாவது ஏறத்தாழ அரை டம்ளர். முழுதும் கரையும் வரை கலக்குங்கள். கரையாத கற்கள் அடியில் கிடந்தால் உள்ளங்காலை உராய்ந்து கீறும். லிட்டருக்கு 13 கிராம் என்று வரும் இந்தக் கரைசல் கடல்நீரின் உப்பில் பாதிகூட இல்லை, தோலுக்குப் பாதுகாப்பானது. நல்லது என்பதற்காக அள்ளிப் போட்டால் தோலின் ஈரம் போய்ச் சுருங்கி எரியும். ஈரக் காலில் உப்பைப் பசைபோல் குழைத்துத் தடவுவது இன்னும் மோசம்.

காலை 10 முதல் 15 நிமிடம் வைத்திருந்தால் போதும். நீர் ஆறினால் காலை வெளியே எடுத்து, வெந்நீர் சேர்த்து, மறுபடி அளந்த பிறகு வையுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் தனித்தனியாகத் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசிக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். வாரத்தில் இரண்டு முறை போதும். தினமும் ஊறினால் தோல் வறண்டு, எந்தப் பித்தவெடிப்புக்காக ஆரம்பித்தோமோ அதுவே கூடும்.

இதே சாற்றை உடம்புக்கும் பயன்படுத்தலாம். நம் வீடுகளில் தொட்டியில் அமிழ்ந்து குளிக்கும் வழக்கம் குறைவு. வழக்கம்போல் குளித்து முடித்து, கடைசி இரண்டு மூன்று செம்பு நீரில் ஆறிய சாற்றைக் கலந்து தோளிலிருந்து ஊற்றிக்கொண்டால் போதும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க என்றால் 38 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள், சூடான நீரில் நெடுநேரம் அமிழ்ந்திருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பூவிலும் இலையிலும் கவனிக்க வேண்டியவை

இயற்கையானது என்பதால் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் குறிப்பாக மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது சாமந்தி. 1950களில் புனே வட்டாரத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுதும் பரவிய பார்த்தீனியச் செடியால் முகத்திலும் கழுத்திலும் அரிப்பும் தடிப்பும் வருபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பார்த்தீனியமும் சாமந்தியும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெளிநாட்டுப் பொட்டலங்களில் இருக்கும் கேமமைல் பூவும் இதே குடும்பம்தான். பார்த்தீனிய அரிப்பு உள்ளவர்கள் இந்தப் பூக்களைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது, வெயிலோடு சேர்ந்து வேலை செய்பவை. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும், குளியல் பொடிகளில் சேர்க்கும் கார்போகரிசியிலும் சோரலென் வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டாக நிற்கும். வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியைப் பயன்படுத்துவதும் இதே தன்மையை நம்பித்தான். காலையில் எலுமிச்சைத் துண்டு போட்ட நீரில் காலை நனைத்துவிட்டுச் செருப்போடு வெயிலில் நடந்தவருக்குச் செருப்பு வார் இல்லாத இடத்தில் மட்டும் கறுத்திருந்தால் காரணத்தை இங்கே தேடலாம். இவற்றை இரவில் மட்டும் பயன்படுத்தி நன்றாகக் கழுவிவிடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பூ எங்கிருந்து வந்தது என்பது. மாலைக்காக விளைவிக்கும் பூக்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். சாமிக்குப் போட்ட மாலையைக் காயவைத்து ஊறப்போடும் யோசனை கேட்க நன்றாக இருந்தாலும் அந்த மருந்து வெந்நீரில் இறங்கிக் காலில் சேரும். அறை வாசனைக்காக விற்கும் வண்ண உலர்பூக்களில் சாயமும் செயற்கை நறுமணமும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள், அல்லது மருந்தடிக்காத வீட்டுச் செடியில் பறித்து நிழலில் உலர்த்துங்கள். கையில் நொறுங்கும் பதம் வராமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். மக்கிய வாடை வந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

நீலகிரித் தைலம் போன்றவற்றைச் சொட்டுச் சொட்டாக நீரில் விடுவோரும் உண்டு. தைலம் நீரில் கரையாது. மேலே மிதந்து, கால் வைத்ததும் நேராகத் தோலில் ஒட்டும், எரியும். விட்டே தீர வேண்டும் என்றால் இரண்டு சொட்டை ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கலந்து விடுங்கள். எழுந்திருக்கும்போது பாதம் வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

புதிய கலவை எதுவானாலும் ஆறிய சாற்றை முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலை, மாலை மூன்று நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே தடிப்பு எழும். ஞாயிறு நனைத்த பூவால் செவ்வாய் அரிப்பதை யாரும் எளிதில் இணைத்துப் பார்ப்பதில்லை.

யார் நனைக்கவே கூடாது?

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள்தான் முதலில் வருவார்கள். வழக்கமாக இப்படித்தான் நடக்கும். பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர், பாதம் மரத்தது போல இருக்கிறது என்கிறார். மருமகள் ஆசையாக டப்பில் நீர் கலந்து வைக்கிறார்.

“மாமா, சூடு சரியா இருக்கா பாருங்க.”

“சூடே தெரியலம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அவர் பொய் சொல்லவில்லை. பாதத்தின் நரம்புகள் செயலிழந்ததால் 50 டிகிரிகூட அவருக்கு இதமாகவே தெரியும். மறுநாள் காலை விரல் நுனியில் கொப்புளம் இருக்கும், வலி இருக்காது. வலி இல்லாததால் இரண்டு நாள் கவனிக்காமல் விடுவார்கள். சர்க்கரையால் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம். இங்கே தண்ணீர் சுடுகிறதா என்று கேட்பதே தவறு, கேட்பவர் தன் முழங்கையாலோ தெர்மாமீட்டராலோ அளக்க வேண்டும். இன்னும் சரியானது, அவர்களுக்குக் கால் நனைக்கும் பழக்கமே வேண்டாம். சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்புக்கான சர்வதேச வழிகாட்டுதல், 37 டிகிரிக்குக் குறைவான நீரில் தினமும் கழுவி விரலிடுக்கைத் துடைக்கச் சொல்கிறது. ஊறவைத்தால் தோல் நொந்து வெடிக்கும், கிருமிக்கு வழி கிடைக்கும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று மருத்துவமனையில் ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டே சோதித்துவிடுவார்கள், வருடம் ஒரு முறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தொழுநோயால் உணர்வு குறைந்த பாதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சேற்றுப்புண் உள்ளவர்களும் நனைக்க வேண்டாம், அந்தப் புண் ஈரத்தில்தான் வளர்கிறது. ரத்தம் கசியும் ஆழமான வெடிப்பு, திறந்த புண், கரப்பான் போன்றவை இருந்தாலும் உப்புநீர் எரிச்சலைக் கூட்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அதை வெந்நீரில் வைக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். இதய பலவீனம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே நனைக்கட்டும். ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர்கள் முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து எழுந்தால் போதும்.

நனைத்து எடுத்ததும் பாதம் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு, அரை மணியில் மறையும். மறையாமல் சிவந்தே இருந்தால், எரிந்தால், கொப்புளம் தெரிந்தால் அது தீக்காயம். உடனே குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சர்க்கரை நோயாளி என்றால் கொப்புளம் சிறியதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்சம் உப்பும் உலர்பூவும் வாங்கும் அதே நாளில் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். பூ இல்லாமலும் உப்பு இல்லாமலும் கால் நனைக்கலாம், சூட்டை அளக்காமல் நனைக்கக் கூடாது.